"என்ன வேணும்?"னு கேக்காதீங்க, துணியை மேசைக்கு வர வைங்க

கேள்வி: வீட்டு முன் ரூம்லயே லேடீஸ் டெய்லர் கடை போட்டு மூணு மாசம் ஆச்சு. தையல் நல்லாவே வரும், ஆனா யாராவது உள்ள வந்தா என்ன பேசறதுன்னே தெரியல. "என்ன வேணும்?"னு கேக்கறேன், பாதி பேர் ரேட் கேட்டுட்டு "வரேன்"னு போயிடறாங்க. முதல் வார்த்தையா என்னதான் சொல்றது?

பதில்:

மதுரையில 22 வருஷமா கடை வச்சிருக்கேன் தங்கச்சி, ப்ளவுஸ்தான் முக்கால்வாசி, அப்புறம் சுடிதார், ஸ்கூல் திறக்கற நேரத்துல யூனிஃபார்ம். நீ சொல்ற இந்த கஷ்டம் எனக்கும் முதல் ரெண்டு வருஷம் இருந்துச்சு, அதனால விவரமாவே எழுதறேன்.

நீ "என்ன வேணும்?"னு கேட்டா அவங்களுக்கு பதில் சொல்ல ஒரே வழிதான் இருக்கு, "ப்ளவுஸ் தைக்க எவ்வளவு?" ஏன்னா டெய்லர் கடைக்கு வந்தவங்களுக்கு என்ன வேணும், தைக்கணும், அது உனக்கும் தெரியும் அவங்களுக்கும் தெரியும். அப்போ பேச்சு நேரா ரேட்டுக்குப் போயிடும், நீ "லைனிங் 400"ன்னு சொல்லுவ, அவங்க மனசுல அடுத்த தெரு கடை 350, முடிஞ்சுது. அந்த 400க்கு நீ என்ன செய்யப்போறேன்னு சொல்றதுக்கு இடமே இல்லாம போயிடுது. துணியை நீ தொடவே இல்ல, பையை அவங்க திறக்கவே இல்ல, அதுக்குள்ள வியாபாரம் முடிஞ்சிடுச்சு.

நான் இப்ப சொல்றது இவ்வளவுதான்: "வாங்கக்கா, உட்காருங்க. துணி கொண்டு வந்திருக்கீங்களா, குடுங்க பாப்போம்."

இதுல மூணு வேலை இருக்கு, வரிசை மாறக்கூடாது. "வாங்க"ன்னா உன்னைப் பாத்துட்டேன்னு அர்த்தம். "உட்காருங்க"ன்னா அவசரமில்லைன்னு அர்த்தம், அதுக்கு ஒரு ஸ்டூலாவது இருக்கணும், மேல துணி குவிச்சு வைக்காம காலியா இருக்கணும், உட்கார சொல்லிட்டு அப்புறம் துணியை அள்ளி எடுத்தா அந்த வார்த்தைக்கு மதிப்பே இல்ல. மூணாவதுதான் முக்கியம், துணி மேசைக்கு வரணும். பையிலருந்து சேலையை எடுத்து மேசையில வச்சிட்டாங்கன்னா கிளம்பணும்ங்கற அவசரம் பாதி போயிடும். நீயும் துணியைத் தொட்டுப் பாத்துதான் பேச ஆரம்பிப்ப, அதனால உன் பேச்சுலயும் வேலை தெரிஞ்சவ பேச்சு தானா வந்துடும்.

"வாங்க" சொல்லும்போது மெஷின் ஓடக்கூடாது. இப்ப எல்லாரும் மோட்டார் வச்சிருக்கோம், அந்த சத்தத்துல நீ சொல்ற "வாங்க" வாசல் வரைக்கும் கேக்காது, கேட்டாலும் தலை குனிஞ்சு துணியைப் பாத்துக்கிட்டே சொன்னா அது அவங்களுக்கு சொன்ன மாதிரி இருக்காது. அதுக்காக கை ஏத்திக்கிட்டு இருக்கும்போது பாதியில விட்டுட்டு எந்திரிக்கவும் முடியாது, சுருக்கம் நகந்துடும், அது எனக்கும் தெரியும். அதுக்கு நான் செய்யறது என்னன்னா, பெடல்ல இருந்து காலை எடுத்துட்டு பக்கத்துல இருக்கற சக்கரத்தை கையால திருப்பி ஊசியை துணிக்குள்ள இறக்கி நிறுத்திடுவேன், ஊசி உள்ள இருந்தா துணி எங்கயும் போகாது, அப்புறம் நிமிந்து முகத்தைப் பாத்து "வாங்கக்கா"ன்னு சொல்லுவேன். ரெண்டு செகண்டு வேலை. உண்மையிலயே நிறுத்த முடியாத இடம்னா "வாங்கக்கா உட்காருங்க, இந்த ஒரு தையல் முடிச்சிட்டு வந்துடறேன்"னு சொல்லு, ஆனா அந்த ஒரு தையலோட எந்திரிச்சிடணும். அடுத்த கையையும் ஏத்திட்டு வந்தா அவங்க அதை கவனிப்பாங்க.

"வாங்க"வுக்கு அப்புறம் என்ன முறை சொல்றதுங்கறது ஒரு தனி விஷயம். எங்க பக்கம் அக்கா சொன்னா பெரும்பாலும் தப்பு வராது, என்னைவிட சின்னவங்களா இருந்தாலும் அக்காதான் சொல்லுவேன். வயசானவங்களுக்கு அம்மா. "ஆன்ட்டி" மட்டும் வேண்டவே வேண்டாம், நாப்பது வயசுக்காரங்களை ஆன்ட்டின்னு கூப்பிட்டு அவங்க முகம் சுருங்கினதை நான் கண்ணால பாத்திருக்கேன், என் கடையில வேலைக்கு இருந்த பொண்ணு அப்படி கூப்பிட்டுடுச்சு, அவங்க அதுக்கப்புறம் வரவே இல்ல. ஆபீஸ் போறவங்க சிலருக்கு மேடம் பழக்கம், ஆனா நம்ம தெருவுலயே இருக்கறவங்களை திடீர்னு மேடம்னா தள்ளி வச்ச மாதிரி இருக்கும். குழப்பமா இருந்தா வெறும் "வாங்க, வாங்க" போதும், ரெண்டு தடவை சொன்னாலே அதுல முறை வந்துடும்.

இப்ப எல்லாருமே புதுசா துணி குடுக்க வர்றவங்க கிடையாதே, அதனால "வாங்க" சொல்ற அந்த நேரத்துல உன் கண்ணு அவங்க கையில இருக்கணும். கவரோ மஞ்சப்பையோ இருந்தா துணி குடுக்க வந்தவங்க. சின்ன பில்லு மட்டும் இருந்தா வாங்க வந்தவங்க. நீ தச்சுக் குடுத்த ப்ளவுஸையே சுருட்டி கையில வச்சிருந்தா, அவங்ககிட்ட பேசறது வேற மாதிரி, அதைக் கீழ சொல்றேன். ஒண்ணும் புரியலன்னா "குடுக்க வந்தீங்களாக்கா, வாங்க வந்தீங்களா?"ன்னு கேட்டுடு, அதுல ஒரு தப்பும் இல்ல.

துணி குடுக்க வந்த ஒருத்தங்க விஷயத்தை முழுசா சொல்றேன், அப்பதான் முதல் வார்த்தைக்கு அப்புறம் அது எங்க போகுதுன்னு புரியும். போன வைகாசியில நடந்தது. வியாழக்கிழமை காலையில ஒரு அக்கா வந்தாங்க, ஐம்பது வயசு இருக்கும், கையில ஜவுளிக்கடை கவர், வாசல்லயே நின்னுக்கிட்டு "ப்ளவுஸ் எவ்வளவும்மா?"ன்னு அவங்கதான் முதல்ல கேட்டாங்க. இது நிறைய நடக்கும், நீ பேசறதுக்கு முன்னாடியே ரேட் கேட்டுடுவாங்க. அதுக்கு பதில் சொல்லாம இருக்கக்கூடாது, மழுப்பறான்னு நினைப்பாங்க. நான் "சாதா 200லருந்து இருக்குக்கா, வாங்க உட்காருங்க, துணியைப் பாத்துட்டு சரியா சொல்லிடறேன்"னேன். ஆரம்ப ரேட்டை உண்மையா சொல்லிடணும், மீதியை துணிகிட்ட விட்டுடணும். உட்காந்தாங்க, கவரைக் குடுத்தாங்க.

உள்ள பட்டுச் சேலை, ப்ளவுஸ் துணி இன்னும் சேலையிலயே ஒட்டிட்டு இருக்கு. நான் விரிச்சுப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி "எப்ப வேணும்?" இல்ல. "என்ன விசேஷம்க்கா?" அதைக் கேட்டதும் முகமே மாறிடுச்சு அவங்களுக்கு, பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், அடுத்த வார ஞாயித்துக்கிழமைன்னாங்க. பாரு, தேதி தானா வந்துடுச்சு. "எப்ப வேணும்?"னு கேட்டா எல்லாரும் "சீக்கிரம் வேணும்"னுதான் சொல்லுவாங்க, இல்ல "நாளைக்கே குடுப்பீங்களா"ம்பாங்க, அது பேரம் பேசற மாதிரி ஆயிடும். விசேஷத்தைக் கேட்டா உண்மையான தேதியும் வரும், அதோட இது பொண்ணோட அம்மா போடப்போற ப்ளவுஸ், வீடியோவுல வரும், காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் போட்டிருப்பாங்க, பந்தியில ஓடியாடி நிப்பாங்க, கை ரொம்ப டைட்டா இருக்கக்கூடாதுங்கறது வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிடும்.

அடுத்து எல்லா டெய்லரும் கேக்கறது "அளவு ப்ளவுஸ் இருக்கா?" நிறைய கடையில இதுதான் முதல் வார்த்தையே, வாங்கன்னு கூட சொல்ல மாட்டாங்க, நேரா "அளவு ப்ளவுஸ்?"னு கை நீட்டுவாங்க. நம்ம ஊருல ஆம்பள டெய்லருங்க ரொம்ப காலமா பொம்பளைங்களுக்கு டேப் வச்சு அளவு எடுக்கறதில்ல, ப்ளவுஸை வச்சே தச்சாங்க, அந்தப் பழக்கம் அப்படியே எல்லாருக்கும் வந்துடுச்சு. கேள்வி நல்ல கேள்விதான், ஆனா முதல்ல கேட்டா, கொண்டு வராதவங்க "அய்யோ எடுத்துட்டு வரலையே"ன்னு திரும்பிப் போயிடுவாங்க, போனவங்க வர்ற வழியில இன்னொரு கடை இருக்கும். அதனால துணி பாத்துட்டு, விசேஷம் கேட்டுட்டு, அப்புறம்தான் "பழைய ப்ளவுஸ் ஏதும் எடுத்துட்டு வந்தீங்களாக்கா, இல்லைன்னா நானே அளவு எடுத்துக்கறேன்"ன்னு சேத்தே சொல்லணும். நீ பொண்ணு, உனக்கு அது பெரிய வசதி, அதை விட்டுடாதே.

அந்த அக்கா ஒரு ப்ளவுஸ் வச்சிருந்தாங்க. நான் அதை வாங்கினதும் உள்பக்கமா திருப்பினேன். இதை மட்டும் பழகிக்கோ தங்கச்சி, அளவு ப்ளவுஸை வெளிப்பக்கம் பாக்காதே, உள்பக்கம் திருப்பி பக்கத் தையலைப் பாரு. நல்ல டெய்லர் தச்சதுன்னா ரெண்டு மூணு வரி தையல் ஓடியிருக்கும், பிரிச்சு லூஸ் பண்ணிக்கறதுக்காக. அந்த ப்ளவுஸ்ல மூணு வரி இருந்துச்சு, உள்வரி ரெண்டும் பிரிச்சாச்சு, நூல் இல்ல, ஆனா ஊசி போன ஓட்டை வரிசையா புள்ளி புள்ளியா அப்படியே தெரியுது, கடைசி வரியில மட்டும்தான் ப்ளவுஸ் நிக்குது. அதாவது இந்த ப்ளவுஸ் தச்சப்ப இருந்த உடம்பு இப்ப இல்ல. இதை வெளிப்பக்கம் மட்டும் வச்சு அளந்து தச்சிருந்தா டாட் இருக்கற இடம், கழுத்து, ஷோல்டர் எல்லாம் பழைய உடம்புக்கு இருக்கும், பக்கம் மட்டும் புது உடம்புக்கு இருக்கும். ப்ளவுஸ் ஏறும், ஆனா உட்காராது.

இந்த இடத்துலதான் வாய் தவறும். "குண்டாயிட்டீங்களாக்கா?", "வெயிட் போட்டுட்டீங்களா?" இதெல்லாம் டெய்லர் வாயில சர்வசாதாரணமா வரும், பாசமாத்தான் கேக்கறோம்னு நினைப்போம். வேண்டாம். வந்தவங்க உடம்பைப் பத்தி கடைக்காரங்க பேசக்கூடாது, துணியைப் பத்தி மட்டும்தான் பேசணும். நான் கேட்டது "இப்ப கடைசித் தையல்லதான போடறீங்க, கையும் பிடிக்குதாக்கா?" அவங்களே சொன்னாங்க, ஆமா கை ரொம்ப பிடிக்குது, தூக்க முடியலன்னு. அப்போ "ஒரு நிமிஷம் எந்திரிங்க, புதுசா அளவு எடுத்துடறேன்"னு எடுத்தேன், மார்ச்சுற்று 40 வந்துச்சு, பழைய ப்ளவுஸோட முதல் தையல் 37லதான் இருந்துச்சு. ஷோல்டர் அரை இஞ்ச் கூட மாறல, டாட் இறக்கம்தான் மாறியிருந்துச்சு.

அப்புறம் துணியை அளந்தேன். சேலையோட வர்ற ப்ளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும், இவங்களுக்கும் அவ்வளவுதான். 40 சைஸ், அதுக்கு மேல அவங்க முழங்கை வரைக்கும் கை வேணும், கையில பார்டர் வரணும்னாங்க. பார்டர் துணியோட ஓரத்துல மட்டும்தான் ஓடுது, ரெண்டு கையும் அதுலயே எடுத்தா முதுகுக்கு இழுபறி. இதை நான் அப்பவே மேசையில துணியை மடிச்சுக் காட்டிட்டேன், கையை இங்க வச்சா இங்க ஒரு ஒட்டு வரும், அக்குளுக்கு உள்ள போயிடும் வெளிய தெரியாது, இல்லைன்னா கையை ரெண்டு இஞ்ச் குறைச்சுக்கலாம், எது வேணும்னு. அவங்க ஒட்டு போட்டுக்கலாம்னாங்க. இதே ஒட்டை நான் சொல்லாம போட்டிருந்தா அது திருட்டு வேலை மாதிரி தெரியும், சொல்லிட்டுப் போட்டா கைவேலை.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் ரேட். லைனிங் ப்ளவுஸ் 450, பைப்பிங் சேத்து 500. லைனிங் துணியை இன்னைக்கு ராத்திரி நனைய வச்சு காயப்போட்டுத்தான் வெட்டுவேன், காட்டன் சுருங்கும், நனைக்காம தச்சா முதல் துவைப்புலயே உள்ள லைனிங் சுருங்கி மேல பட்டு உப்பிக்கிட்டு நிக்கும்னு சொன்னேன். பக்கத்துல ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் உள்ள விட்டு மூணு வரி தையல் போடுவேன்னு சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை வந்து போட்டுப் பாருங்க, ஏதாவது இருந்தா சரி பண்ணி வெள்ளிக்கிழமை கையில குடுத்துடறேன், சனிக்கிழமை உங்களுக்கு வீட்டு வேலையே சரியா இருக்கும்னு சொன்னேன். அவங்க பேரம் பேசல. 250 அட்வான்ஸ் வச்சாங்க, போகும்போது "பொண்ணுக்கும் இங்கயே குடுக்கறேன்"னாங்க. வாசல்ல நின்னுக்கிட்டு "எவ்வளவும்மா"ன்னு கேட்ட அதே ஆள்தான்.

இந்த மொத்த பேச்சும் பத்து நிமிஷம்தான் ஆச்சு. ஒண்ணு கவனி, ரேட்டு சொல்லும்போது அவங்களுக்கு அந்த காசு எங்க போகுதுன்னு தெரிஞ்சிடுச்சு. முதல்லயே 500ன்னு சொல்லியிருந்தா அது வெறும் நம்பர்.

எல்லாரும் இப்படி உட்காந்து பேச மாட்டாங்க, அதையும் சொல்லிடறேன். ரேட் மட்டும் விசாரிக்க வந்தவங்க கையில துணி இருக்காது, அவங்களை "உட்காருங்க உட்காருங்க"ன்னு நெருக்கினா சங்கடப்படுவாங்க. சாதா இவ்வளவு, லைனிங் இவ்வளவுன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, "துணியோட ஒரு தடவை வாங்கக்கா, பாத்து சொல்றேன்"னு விட்டுடு. போன்ல கழுத்து டிசைன் போட்டோ அனுப்பி "ரேட்?"னு ஒரே வார்த்தையில கேக்கறவங்களுக்கும் இதேதான்.

இடத்துக்கு இடம் இது மாறும்ங்கறதையும் மனசுல வச்சுக்கோ. எங்க ஊரு மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதுத்தாப்ல புதுமண்டபத்துல தூணுக்குத் தூண் தையல் மெஷின் போட்டு டெய்லருங்க உட்காந்திருந்த காலத்துல நான் சின்ன புள்ளயா அங்க அம்மாவோட போயிருக்கேன், நடந்து போற எல்லாரையும் "வாங்கம்மா என்ன தைக்கணும், வாங்க சார், பாருங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க, வெள்ளைக்காரங்க வந்தா அவங்க பாஷையிலயே ரெண்டு வார்த்தை விடுவாங்க. அந்தக் கடைகளை எல்லாம் அப்புறம் பக்கத்துல குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. அங்க அப்படி கூப்பிடறதுதான் சரி, ஏன்னா ரெண்டடி தள்ளினா அடுத்த டெய்லர், வர்றவங்களும் கோயிலுக்கு வந்தவங்க, நிக்க வச்சாத்தான் நிப்பாங்க. உன் கடை தெருவுக்குள்ள வீட்டு முன் ரூம். உன் வாசப்படி ஏறினவங்க ஏற்கனவே முடிவு பண்ணித்தான் ஏறியிருக்காங்க, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தவங்ககிட்ட கூவ வேண்டியதில்ல.

அடுத்தது வாங்க வர்றவங்க. இங்கதான் நம்ம தொழிலுக்கே கெட்ட பேர். பில்லோட ஒருத்தங்க உள்ள வந்ததும் டெய்லர் வாயில வர்ற முதல் வார்த்தை "இன்னும் ஆகலையே", இல்லைன்னா "நாளைக்கு வாங்க". முதல் வார்த்தையே இல்லைங்கறதா இருக்கக்கூடாதுன்னு எங்க அம்மா சொல்லுவாங்க, காலையில போணி ஆகற நேரத்துல இல்லைன்னு சொன்னா அன்னைக்குப் பூரா இல்லைதான்னு ஒரு நம்பிக்கை. நம்பிக்கையை விடு, வேலையா பாத்தாலும் அது சரிதான், இல்லைன்னு ஆரம்பிச்ச பேச்சை அப்புறம் எப்படியும் நல்லதா கொண்டு வர முடியாது. ஆனா இல்லைங்கறதை மறைக்கறதுக்காக "கொக்கி மட்டும்தாங்க வைக்கணும், அரை மணி நேரம்"னு பொய் சொல்றது அதைவிட மோசம். அந்த ப்ளவுஸ் வெட்டவே இல்லாம ரேக்குல கவரோட இருக்கும், அவங்க அரை மணி நேரம் கழிச்சு வெயில்ல திரும்ப வருவாங்க. கண்ணு முன்னாடி கவரோட இருக்கறதை அவங்க பாத்துட்டாங்கன்னா அப்புறம் நீ என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க.

நான் சொல்றது இப்படி: "வாங்கக்கா, உங்களுது வெட்டி வச்சிட்டேன், தையல் ஏறல. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு ரெடியா இருக்கும், நானே போன் பண்றேன், அதுக்கு முன்னாடி அலையாதீங்க." எந்த நிலைமையில இருக்குன்னு உண்மை, எப்ப முடியும்னு மணியோட, அவங்க அலையாம இருக்க ஒரு வழி. அந்த மணிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே நீ முடிச்சு வச்சிடணும், அது பேச்சு இல்ல, வேலை. தேதி தப்பாம இருக்க நான் செய்யறது பில் நோட்டுல தேதிக்குப் பக்கத்துலயே விசேஷத்தையும் எழுதிடுவேன், ‘ஞாயிறு நிச்சயம்’, ‘வெள்ளி வளைகாப்பு’ன்னு, அந்தத் துணியில ஒரு துண்டு வெட்டி பில்லுலயே பின் அடிச்சிடுவேன். நாலு ப்ளவுஸ் ஒரே நாள்ல குவிஞ்சா எதை முதல்ல எடுக்கணும்னு அந்த ஒரு வார்த்தை சொல்லிடும். சும்மா உடுத்தறதுக்கு குடுத்தவங்களுக்கு போன் பண்ணி ரெண்டு நாள் கேக்கலாம், வளைகாப்புக்கு கேக்க முடியாது.

தீபாவளி நேரத்துல துணி எடுக்க முடியாத நிலைமை வரும், இருபது இருபத்தஞ்சு நாளுக்கு முன்னாடியே கை நிறைஞ்சிடும். அப்பவும் "இப்ப எடுக்கறதில்ல"ன்னு போர்டைக் காட்டாதே. "வாங்கக்கா, தீபாவளிக்கு கை நிறைஞ்சிடுச்சு, வாங்கி வச்சு உங்களை ஏமாத்த மாட்டேன், பண்டிகை முடிஞ்சு அஞ்சே நாள்ல தச்சுத் தரேன், இல்ல உங்களுக்கு அவசரம்னா அந்த முனையில இருக்கற கடையில கேட்டுப் பாருங்க, நல்லா தைப்பாங்க"ன்னு சொல்லு. இன்னொரு கடையைக் கைகாட்டினா ஆள் போயிடுவாங்களோன்னு பயப்படாதே, எனக்குத் தெரிஞ்சு அப்படி அனுப்பினவங்கள்ல முக்கால்வாசி பேர் கார்த்திகையில திரும்ப வந்திருக்காங்க.

கடைசியா, தச்ச ப்ளவுஸைக் கையில சுருட்டிக்கிட்டு வர்றவங்க. இதுல நான் ஒரு தடவை பெரிய தப்பு பண்ணியிருக்கேன், கடை ஆரம்பிச்ச புதுசுல. ஒரு அம்மா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தாங்க, ப்ளவுஸை மேசையில போட்டாங்க, அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நான் "நீங்க குடுத்த அளவு ப்ளவுஸ்படிதாம்மா தச்சேன்"னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் பேசல. காசைக் கூட கேக்கல. ப்ளவுஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, அவங்க வீட்டுல நாலு பொம்பளைங்க, எல்லாரும் அதுக்கு முன்னாடி என்கிட்டதான் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, எல்லாரும் நின்னுட்டாங்க. அளவு ப்ளவுஸ்படிதான் தச்சேன்ங்கறது உண்மைதான். ஆனா அந்த அம்மா வழக்காட வரல, அடுத்த நாள் கல்யாணத்துக்குப் போட ப்ளவுஸ் இல்லாம வந்திருந்தாங்க, நான் அதைக் கேக்கவே இல்ல.

இப்ப நான் சொல்ற முதல் வார்த்தை "வாங்கம்மா, எங்க பிடிக்குது சொல்லுங்க, உள்ள போயி போட்டுட்டு வாங்க பாப்போம்." ஸ்கிரீன் கட்டி ஒரு மூலை, ஒரு ஆளுயரக் கண்ணாடி, ரெண்டும் உன் கடையில கண்டிப்பா இருக்கணும், இல்லைன்னா இந்த வார்த்தையே சொல்ல முடியாது. ஏன் போட்டுட்டு வரச் சொல்றேன்னா, கையில வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது, அவங்க சொல்றதையும் அப்படியே எடுத்துக்க முடியாது. "ப்ளவுஸ் டைட்டு"ன்னுவாங்க, போட்டுப் பாத்தா பக்கம் சரியா இருக்கும், கை வளையம் சின்னதா இருக்கும், அதனால கையைத் தூக்கும்போது மொத்த ப்ளவுஸும் மேல இழுக்கும். பக்கத்தைப் பிரிச்சு விட்டா அது சரியாகாது, கையைக் கழட்டி வளையத்தை கொஞ்சம் கொஞ்சமா வெட்டி இறக்கணும். "லூஸா இருக்கு, ஷோல்டர் நழுவுது"ன்னுவாங்க, பாத்தா உடம்பு லூஸே இருக்காது, முன்கழுத்தும் பின்கழுத்தும் ரெண்டும் அகலமா எடுத்திருப்போம், பிடிச்சு நிறுத்த ஷோல்டர்ல துணி இருக்காது. அதைப் பக்கத்துல டைட் பண்ணிக் குடுத்தா மூச்சு முட்டும், ஷோல்டர் அப்பவும் நழுவும். கொக்கி நடுவுல வாய் பிளந்து நின்னு, அங்கருந்து பக்கவாட்டுல கோடு கோடா இழுத்துக்கிட்டு இருந்தா அதுதான் நிஜமான டைட்டு, அதுக்குத்தான் பக்கத் தையல் ஒரு வரி பிரிக்கணும். அக்குள்கிட்ட முன்பக்கம் துணி மடிஞ்சு தொங்கினா டாட் பத்தல. இதெல்லாம் மேல போட்டாத்தான் தெரியும். அதனால "எங்க பிடிக்குது?"ங்கறது மரியாதைக்கு மட்டும் கேக்கற கேள்வி இல்ல, வேலையே அங்கதான் ஆரம்பிக்குது.

சரி பண்ணிக் குடுக்கறதுக்கு காசு வாங்காதே, உன் தப்பா இருந்தாலும் அவங்க அளவு ப்ளவுஸ் தப்பா இருந்தாலும் முதல் தடவை வாங்காதே. ஒரு வருஷம் கழிச்சு உடம்பு மாறி வந்தா அது வேற, அப்ப ஆல்டரேஷன் ரேட் சொல்லலாம்.

இன்னொண்ணு, கிளம்பும்போது "போங்க"ன்னு சொல்லிடாதே, "சரிங்க்கா, போயிட்டு வாங்க"ன்னு சொல்லு, அது உனக்கே தெரியும், வீட்டுலயும் அப்படித்தான சொல்றோம். வேலைக்கு ஆள் வச்சேன்னா அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துடு, நீ கடையில இல்லாத நேரத்துல உள்ள வர்றவங்க கேக்கற முதல் வார்த்தை அந்தப் பொண்ணோட வார்த்தைதான். என் கடையில இப்ப இருக்கற பொண்ணுக்கு நான் சொல்லி வச்சிருக்கறது, நான் இல்லைன்னா "அக்கா இல்லைங்க"ன்னு ஆரம்பிக்காதே, "வாங்க உட்காருங்க, அக்கா பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க, துணியைக் குடுங்க நான் அளந்து வைக்கறேன்"னு சொல்லு. அவ ப்ளவுஸ் துணி எத்தனை சென்டிமீட்டர் இருக்குன்னு அளந்து ஒரு சீட்டுல எழுதி மேல வச்சிருப்பா, நான் வரும்போது அவங்க உட்காந்திருப்பாங்க, துணி மேசையில விரிஞ்சு இருக்கும்.

நாளைக்குக் காலையில கடை திறந்ததும் முதல்ல அந்த ஸ்டூல் மேல இருக்கற துணியை எடுத்து ரேக்குல வை. மேசையிலயும் ஒரு சேலை விரிக்கற அளவுக்கு இடம் விட்டு வை. ஒரு வாரம் இப்படிப் பேசிப் பாத்துட்டு எத்தனை பேர் துணி குடுத்தாங்கன்னு எனக்கும் சொல்லு.